ஆறாவது கார்டில் ஏன் நிறுத்தினீர்கள்?

"வணக்கம் அக்கா. நான்கு வருடமாக ஒருவரோடு பழகுகிறேன். சேர்ந்து வாழ்க்கையைத் தொடங்குவது பற்றிப் பேச்செடுத்தாலே தள்ளிப் போடுகிறார். போன வாரம் மூன்று டாரட் கார்டு போட்டேன். உறவு இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஃபோர் ஆஃப் கப்ஸ், நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன் என்பதற்கு நைட் ஆஃப் கப்ஸ், நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எய்ட் ஆஃப் கப்ஸ். கடைசிக் கார்டு தெளிவாக இல்லை என்று, அதை விளக்கக் கூடுதலாக எடுக்கும் கார்டான கிளாரிஃபையர் ஒன்று எடுத்தேன். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். அதுவும் புரியவில்லை. அடுத்தடுத்து எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், த மூன், ஃபைவ் ஆஃப் கப்ஸ், செவன் ஆஃப் கப்ஸ், கடைசியாக டென் ஆஃப் கப்ஸ் வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். இதில் எதை நம்புவது? கிளாரிஃபையர் எத்தனை வரைக்கும் எடுக்கலாம்?"

எத்தனை என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விரித்த கார்டுகளில் ஒரு இடத்துக்கு ஒன்று. அதுவும் எல்லா இடத்துக்கும் கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எண்ணிக்கை இல்லை, டென் ஆஃப் கப்ஸ் வந்ததும் நீங்கள் நிறுத்தினீர்கள் என்பதுதான். வானவில், அணைத்து நிற்கும் ஜோடி, ஆடும் குழந்தைகள். அந்தக் கார்டு உங்களுக்குப் புரிந்ததாலா நிறுத்தினீர்கள், இல்லை மனசு ஆறியதாலா? முந்தைய ஐந்து கார்டுக்கும் "புரியவில்லை" என்ற நீங்கள் இதற்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பொருளில் பார்த்தால், "நான் என்ன செய்ய வேண்டும்" என்ற கேள்விக்கு அந்த ஆறில் கொஞ்சமும் பொருந்தாத பதில் டென் ஆஃப் கப்ஸ்தான். அது ஒரு நிலையைக் காட்டுகிறதே தவிர, செய்ய வேண்டிய ஒரு செயலையும் சொல்லவில்லை.

இதில் ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. கட்டில் மொத்தம் 78 கார்டு, நீங்கள் மூன்று போட்டபின் கையில் 75. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25 கார்டுதான் இந்தக் கேள்விக்குப் பார்க்க இதமானவை என்று கறாராகவே வைத்துக்கொள்வோம். ஆறு கார்டு எடுத்தால் அவற்றில் ஒன்றாவது இதமாக வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 92. பாதிக் கார்டு இதமானவை என்று வைத்தால் 98-ஐத் தாண்டிவிடும். அதாவது பிடித்த கார்டு வரும்வரை எடுப்பது என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அது வந்தே தீரும், கேள்வி என்னவாக இருந்தாலும் வரும். அப்படி வந்த கார்டில் உங்கள் உறவைப் பற்றிய செய்தி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது எய்ட் ஆஃப் கப்ஸுக்கு வருவோம். அது தெளிவாக இல்லை என்கிறீர்கள். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் வெளியான கட்டுதான் உங்களிடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், அந்தப் படத்தையே பாருங்கள். எட்டுக் கோப்பைகள், கீழே ஐந்து, மேலே மூன்று. மேல் வரிசையில் ஒன்று இருந்திருக்க வேண்டிய இடம் காலி. சிவப்பு அங்கி போட்ட ஒருவர் கைத்தடியோடு, முதுகைக் காட்டி மலைப்பக்கம் நடந்து போகிறார். கவனிக்க வேண்டியது, ஒரு கோப்பைகூடக் கவிழவில்லை, உடையவில்லை. ஃபைவ் ஆஃப் கப்ஸில் மூன்று கோப்பை கொட்டிக் கிடக்கும், அங்கே இழப்பு கண்ணுக்குத் தெரியும், அழவும் காரணம் இருக்கும். எய்ட் ஆஃப் கப்ஸில் எல்லாம் அப்படியே நிற்கிறது, ஒன்று மட்டும் குறைகிறது, அந்த ஒன்று இங்கே கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் போகிறார். இதை "என்ன செய்ய வேண்டும்" என்ற இடத்தில் வைத்துப் படித்தால் ஒரே வாக்கியம்தான் வருகிறது: உடையாத ஒன்றை, குறை தெரிந்தபின் விட்டுப் போவது.

அந்த வாக்கியத்தை நான் எழுதுவதற்கு முன்பே நீங்கள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். கிளாரிஃபையர் எடுப்பதற்கு முன் நான் எல்லாருக்கும் சொல்லும் சோதனை இது ஒன்றுதான். கட்டைத் தொடுவதற்கு முன், மேசையில் இருக்கும் கார்டு அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பேப்பரில், முழு வாக்கியமாக. எழுத முடிந்தால் கார்டு தெளிவாகத்தான் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுத உட்கார்ந்து இரண்டு வாக்கியம் வந்து, இரண்டும் சமமாகப் பொருந்தி, எது என்று சொல்ல முடியாமல் நின்றால் மட்டும்தான் அது தெளிவில்லாத கார்டு. பிடிக்காத கார்டையும் புரியாத கார்டையும் வயிற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் உணர்கிறோம், அதனால்தான் எழுதச் சொல்கிறேன், மனசுக்குள் வைத்தால் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்தச் சோதனையை உங்கள் மூன்று கார்டுக்கும் போட்டுப் பாருங்களேன். ஃபோர் ஆஃப் கப்ஸ்: மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர், எதிரே மூன்று கோப்பை, மேகத்திலிருந்து நான்காவதை ஒரு கை நீட்டுகிறது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. "உறவு இப்போது சலிப்பில் உட்கார்ந்திருக்கிறது, நீட்டுவதை வாங்க ஆள் இல்லை." எழுத முடிகிறது. எய்ட் ஆஃப் கப்ஸ், மேலே எழுதிவிட்டோம். நடுவில் இருக்கும் நைட் ஆஃப் கப்ஸுக்கு எழுதுங்கள், அங்கே கை நிற்கும். கையில் கோப்பையை ஏந்தி மெதுவாக வரும் குதிரைவீரன், அழகான பேச்சு, நீட்டும் அன்பு. அது அவரா? "அவர் இனிக்க இனிக்கப் பேசுகிறார், ஆனால் குதிரை நகரவே இல்லை, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை" என்று ஒரு வாக்கியம். இல்லை, அது நீங்களா? "கோப்பையை ஏந்திக்கொண்டு நான்கு வருடமாக அவர் வாசலில் நிற்பது நீங்கள்தான், அதை நீங்கள் கவனிக்கவில்லை" என்று இன்னொன்று. இரண்டும் அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துகின்றன, இரண்டும் வேறு வேறு பதில்.

கிளாரிஃபையர் கேட்ட கார்டு இதுதான். இதற்கு நீங்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை. தெளிவாக இருந்த கார்டுக்கு ஆறு எடுத்தீர்கள். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் அனுபவத்தில் இது மாறாமல் நடக்கிறது: மங்கலாக இருக்கும் கார்டைத் தாண்டிப் போய்விடுகிறோம், சுடும் கார்டைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறோம்.

பேஜ், நைட், குயின், கிங் என்ற 16 கோர்ட் கார்டும் இப்படி ஆளைக் காட்டும், ஆனால் எந்த ஆள் என்று சொல்லாது. கிளாரிஃபையருக்கு நியாயமான காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் வரும். இது புதுப் பழக்கமும் இல்லை. இந்தக் கட்டை உருவாக்கிய வெயிட், தன் பத்துக் கார்டு முறையில் கடைசிக் கார்டாகக் கோர்ட் கார்டு வந்தாலோ, அதிலிருந்து முடிவுக்கு வர முடியாமல் போனாலோ, அந்தக் கார்டையே நடுவில் வைத்து மறுபடி முழுதாக ஷஃபிள் செய்து விரிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது, குழப்பிய கார்டை அவர் ஒதுக்கவில்லை. அதை நடுவில் வைத்து, அதைப் பற்றித்தான் மேற்கொண்டு கேட்கிறார். நாம் செய்வது பல நேரம் நேர்மாறாக இருக்கிறது. புதுக் கார்டு வந்ததும் பழையதை மறந்துவிடுகிறோம், பதில் இடம் மாறிவிடுகிறது.

சரி, நைட் ஆஃப் கப்ஸுக்கு எப்படி எடுப்பது? கேள்வி முதலில். "தெளிவு வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டு எடுக்காதீர்கள், அப்படி எடுக்கும் கார்டு எதைத் தெளிவாக்க வந்தது என்று உங்களுக்கே தெரியாது. "இந்த நைட் எப்படி நடந்துகொள்கிறார்?" என்று அந்தக் கார்டைப் பார்த்தே கேளுங்கள். "இது அவரா நானா" என்று நேராகக் கேட்டால் கார்டால் ஆம், இல்லை சொல்ல முடியாமல் மறுபடி குழப்பும். நடத்தையைக் கேட்டால், வரும் கார்டைப் பார்த்து அது யார் நடத்தை என்று உங்களுக்கே பிடிபடும். மிச்சக் கட்டின் மேலிருந்து எடுப்பதா, அடிக் கார்டைப் பார்ப்பதா, மறுபடி ஷஃபிள் செய்வதா என்பதில் ஆளுக்கொரு பழக்கம். எதுவாக இருந்தாலும் சரி, எடுப்பதற்கு முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள். மேல் கார்டைப் பார்த்துவிட்டு அப்புறம் "அடிக் கார்டையும் பார்ப்போமே" என்பது இரண்டாவது கிளாரிஃபையர்தான்.

வந்த கார்டைத் தனிப் பதிலாகப் படிக்காமல் நைட்டின் மேல் ஏற்றிப் படிக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடை நிற்கிற மாதிரி. செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தால், கூடாரத்திலிருந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபடி நழுவும் ஆள் அது, அப்போது இது நழுவும் நைட். பேச்செடுத்தாலே தள்ளிப் போடுகிறவர் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது அவர். சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ் வந்தால், தராசோடு ஒருவர் நாணயம் போட, இரண்டு பேர் மண்டியிட்டுக் கை நீட்டியிருப்பார்கள். இது கொடுத்துக்கொண்டே இருக்கும் நைட், இல்லையென்றால் அளந்து கொடுக்கப்படுவதை வாங்கிக்கொண்டிருக்கும் நைட். நான்கு வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அது யார் என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் கார்டு வந்தாலும் எய்ட் ஆஃப் கப்ஸ் அப்படியே இருக்கும். கிளாரிஃபையருக்குப் பக்கத்துக் கார்டை மாற்றும் அதிகாரம் கிடையாது, தான் ஒட்டிய கார்டை மட்டும் கூர்மையாக்கும்.

அந்த ஒன்றும் புரியாவிட்டால்? த மூன் வந்தால், ஹை பிரீஸ்டஸ் வந்தால், ஹேங்டு மேன் வந்தால்? அது "இன்னும் தெரியாது, இருங்கள்" என்ற பதில். அதை எழுதிவைத்துக் கட்டை மூடிவிடுங்கள். கிளாரிஃபையருக்கு ஒரு கிளாரிஃபையர் என்று எடுக்க ஆரம்பித்த நிமிடமே படிப்பது நின்றுபோகிறது. மூன்றாவது கார்டு இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறதா, முதலாவதைப் பற்றியா, இல்லை உங்கள் பதற்றத்தைப் பற்றியா என்று பிரித்துச் சொல்ல இந்தத் துறையில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஆறு கார்டையும் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மனசில் என்ன கேள்வி இருந்தது? ஞாபகப்படுத்திப் பாருங்கள். முதல் கேள்வி உங்களைப் பற்றியது, "நான் என்ன செய்ய வேண்டும்". டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் எடுக்கும்போது அநேகமாக "நிஜமாகவா?" என்று ஆகியிருக்கும். மூன் வரும்போது "வேறு வழியே இல்லையா?" கடைசியில் "அவர் மாறிவிடுவாரா?" இப்படிக் கேள்வி நடுவழியில் நழுவி உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போயிருந்தால், அந்த இடத்திலிருந்து நீங்கள் பதிலைத் தேடவில்லை, பதிலிலிருந்து தள்ளிப் போகிறீர்கள். டென் ஆஃப் கப்ஸ் எந்தக் கேள்விக்கு வந்தது என்றே தெரியாதபோது அதை நம்புவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கொஞ்சம் கவனமாகவே சொல்கிறேன். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளை மார்பில் குறுக்கே பிடித்திருக்கும் பெண். எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணும் உடம்பும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே நிற்கும் பெண், ஆனால் கால் கட்டப்படவில்லை. பிறகு மூன், அரை வெளிச்சத்தில் நாயும் ஓநாயும் ஊளையிடும் பாதை. செவன் ஆஃப் கப்ஸ், மேகத்தில் மிதக்கும் ஏழு கனவுகள் முன்னால் நிற்கும் நிழல் உருவம். நான் எடுத்த எடுப்பில் ஆறு கார்டுக்கும் பொருள் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன காரணத்தால் அவற்றைப் பதிலாக எடுக்கவும் மாட்டேன். ஆனால் இப்படி அடுத்தடுத்து எடுக்கும்போது கட்டு கேள்வியை விட்டுவிட்டு, எடுப்பவரைக் காட்ட ஆரம்பிக்கிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்கட்டோடு இரண்டு பெண்கள் வரிசையாக வந்தபின்னும் கை அடுத்த கார்டுக்குப் போயிருக்கிறது.

நானும் ஒரு காலத்தில் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தவள்தான். தொழில் ஆரம்பித்த புதிதில் ஒருவர் வந்தார், தன் அண்ணனோடு சேர்ந்து நடத்தும் வேலையிலிருந்து பிரிவதா என்பது கேள்வி. ஐந்து கார்டு போட்டேன், பிரிவது நல்லது என்று அதிலேயே தெளிவாக இருந்தது. "இன்னும் ஒன்று பார்க்கலாமா" என்றார், எடுத்தேன். மேசையில் 17 கார்டு ஆனது. எழுந்து போகும்போது, "அப்போ முடிவா என்ன சொல்றீங்க?" என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து கார்டில் என்னிடம் ஒரு பதில் இருந்தது, 17-இல் அது காணாமல் போயிருந்தது. அவருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து அவர் வாங்க வந்ததையே நான் கொடுக்காமல் அனுப்பினேன். அதிலிருந்து, உட்கார்ந்தவுடனேயே "மொத்தம் இத்தனை கார்டு, அதிகபட்சம் இத்தனை கிளாரிஃபையர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஷஃபிள் செய்கிறேன். மூன்று கார்டு விரிக்கும் ஸ்ப்ரெட்டுக்கு ஒன்று. பத்துக்கு இரண்டு. முடிவைச் சொல்லும் இடத்துக்கும், என்ன செய்வது என்று சொல்லும் இடத்துக்கும் நான் எடுப்பதே இல்லை, அங்கேதான் எல்லாருக்கும் கை அரிக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. ஆறு கார்டையும் கட்டுக்குள் திரும்ப வையுங்கள், டென் ஆஃப் கப்ஸையும் சேர்த்து. அந்த ஒன்றை விட மனசு வராது, தெரியும். மூன்று கார்டு மட்டும் மேசையில் இருக்கட்டும். மூன்றும் கப்ஸ் என்பதைப் பாருங்கள்: நீட்டியும் வாங்காத கோப்பை, ஏந்திக்கொண்டு நிற்கும் கோப்பை, விட்டுப்போகும் கோப்பைகள். பக்கத்துக் கார்டுகளே ஒன்றுக்கொன்று கிளாரிஃபையராக இருக்கின்றன, புதிதாக ஒன்று எடுப்பதற்கு முன் இதைப் பார்க்கத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பிறகு நைட்டுக்கு ஒன்று எடுங்கள், வாக்கியம் எழுதுங்கள், அன்றோடு இந்தக் கேள்வியை மூடுங்கள்.

மறுபடி எப்போது திறக்கலாம் என்றால், வெளியே ஏதாவது மாறியபின். ஒரு வாரம், ஒரு மாதம் என்று நாள் எண்ணிக் காத்திருப்பதில் பொருளில்லை, நிலைமை அதேயாக இருந்தால் கேள்வியும் அதேதான். நிலைமை மாற ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். அவர் மாறுவாரா என்று கார்டிடம் கேட்பதற்குப் பதில், எந்த மாதத்துக்குள் முடிவு சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்கலாம், அவர் உயிரோடு, பதில் சொல்லக்கூடிய தூரத்தில் இருக்கிறார். அவர் தேதி சொன்னாலும் சரி, சொல்லாமல் பேச்சை மாற்றினாலும் சரி, அது புதுச் செய்தி. அதை வைத்துக்கொண்டு புதுக் கேள்வியோடு புது ஸ்ப்ரெட் போடுங்கள். எய்ட் ஆஃப் கப்ஸ் "விட்டுப் போ" என்று கட்டளை போடவும் இல்லை, இன்றைக்கு இருக்கும் நிலைமையில் வழி அந்தப் பக்கம் தெரிகிறது என்கிறது. போவதா இருப்பதா என்பது கடைசிவரை உங்கள் முடிவுதான், ஆனால் அந்தக் கார்டு என்ன சொன்னது என்று தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

நைட்டுக்கு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு மேல் இன்னொன்று எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், என்ன கேட்டு எடுத்தீர்கள் என்பதோடு சேர்த்து.